மாலை ஆறு மணிக்குப் பின் யாருடைய ஊழியன்?

2022ஆம் ஆண்டின் வசந்த மாதங்களிலே டொலரொன்றின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறி, அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்ட நாள்முதலாக, ஒரு சம்பளத்தில் குடும்பம் நடத்துவது என்ற பழைய சம்பிரதாயம் இந்நகரத்து நடுத்தர வர்க்கத்தாரிடையே பெரும்பாலும் மறைந்துவிட்டது. வெள்ளவத்தையிலே பகலில் ஒரு காரியாலயத்துக் கணக்கெழுதும் இளைஞர் இரவில் கொட்டாஞ்சேனையில் மொத்த வியாபாரக் கடையொன்றின் சரக்கிருப்பைச் சரிபார்க்கிறார். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் டியூஷன் வகுப்பு நடத்துகிறார். கணினி தெரிந்தவர் நள்ளிரவில் அவுஸ்திரேலியாவிலுள்ள யாருக்கோ வேலை செய்து கொடுக்கிறார். இதிலே நூதனமொன்றுமில்லை. நூதனமாயிருப்பதெல்லாம், இதைக் கண்டுபிடித்த முதலாளிமார் கொள்ளும் கோபமும், அக்கோபத்தின் வேகத்தில் அவர்கள் எழுதி நீட்டும் பணிநீக்கக் கடிதமும், அக்கடிதம் பின்னர் தொழில் நியாய சபையிலே படும் பாடுமேயாம்.

அரசாங்கமே இவ்விஷயத்தில் அக்காலத்து நெருக்கடியை ஒப்புக்கொண்டது. 2022 ஜூன் மாதத்தில் அரச உத்தியோகத்தர்கள் வீட்டுத்தோட்டம் செய்து உணவு விளைவிக்கும் பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை எடுக்கலாமென அமைச்சரவை தீர்மானித்ததும், சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பங்கமின்றி ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வேறு தொழில் தேடலாமென அறிவிக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. அதற்கும் நெடுநாள் முன்பே, 1977ஆம் ஆண்டு முதல், அரச வைத்தியர்கள் தம் கடமை நேரத்துக்குப் புறம்பே தனிப்பட்ட முறையில் நோயாளரைப் பார்க்க அனுமதிக்கப்பட்டிருக்கிறார்கள். பகலில் அரச ஆஸ்பத்திரியிலும் மாலையில் சனலிங் நிலையத்திலும் அதே நிபுணரைக் காண்பது கொழும்புவாசிகளுக்குப் பழக்கமான காரியம். அவரை எவரும் துரோகியென்று சொல்வதில்லை. நிபுணருடைய இரண்டாவது உத்தியோகம் கௌரவமென்றும் கணக்கெழுதுபவருடைய இரண்டாவது உத்தியோகம் நம்பிக்கை மோசடியென்றும் நாம் கருதுவோமானால், அந்தப் பேதம் நியாயத்திலிருந்து பிறந்ததா, வெறும் அந்தஸ்திலிருந்து பிறந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வைத்தியர் விஷயத்திலே கோடு கடிகாரத்தைக் கொண்டு கிழிக்கப்பட்டிருக்கிறது. கடமை நேரம் ஆஸ்பத்திரிக்கு, எஞ்சியது அவருக்கு. அக்கோட்டை மீறி, வார்டிலே நோயாளர் காத்திருக்கச் சனலிங் நிலையத்துக்குப் போகிறவரைத்தான் நாம் குறை கூறுகிறோம். அதே அளவுகோலை அலுவலக ஊழியருக்கும் பிரயோகிக்க வேண்டுமென்பதே இக்கட்டுரையின் அபிப்பிராயம். சொல்வது எளிது, அன்றாட நிர்வாகத்தில் அதை எவ்விதம் நடத்துவது என்பதை ஒரு காரியத்தை வைத்துப் பார்த்தாலன்றி விளங்காது.

பதினெட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு காரியாலயம் வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8.30க்குத் தொடங்கி மாலை 5.30க்கு முடியும் வேலை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு, சனிக்கிழமை 8.30 முதல் 1.30 வரை. சாப்பாட்டு நேரம் நீங்கக் கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 45 மணி நேரம் வருகிறது; 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சாதாரண வேலைக்கு வகுத்த உச்ச அளவும் அதுவே. அங்கே 1,15,000 ரூபா சம்பளத்தில் ஆறு வருடமாகக் கணக்கெழுதும் ஒருவர், திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் கொட்டாஞ்சேனையிலுள்ள ஒரு மொத்த வியாபாரக் கடையில் 6 மணி முதல் 9 மணி வரையும், சனிக்கிழமை பிற்பகலில் நான்கு மணி நேரமும் வேலை செய்து, மாதம் 45,000 ரூபா பெறுகிறார். காரியாலயத்தில் எவரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. அண்மைக் காலமாக அவர் எழுதும் கணக்குகளில் பிழைகள் தென்படுகின்றன. வெள்ளிக்கிழமைகளில் ஐந்து மணியானதும் அவருடைய நாற்காலி வெறுமையாகிவிடுகிறது. மாதக் கடைசியில் ஒருநாள் உடல்நலக் குறைவென்று வராமல் நின்று, மறுநாள் வைத்தியச் சான்றிதழும் கொடுத்தார். அன்றைக்கு அவரைக் கொட்டாஞ்சேனைக் கடையிலே சரக்கு எண்ணக் கண்டதாக, இரண்டு இடங்களுக்கும் பொருள் கொண்டுவரும் லொறிக்காரர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார்.

இந்தக் கட்டத்தில் முதலாளி செய்யவேண்டிய முதற் காரியம் கோபிப்பதன்று, கணக்குப் போடுவது. மாலை 5.30க்கு வெள்ளவத்தையில் வேலை முடிகிறவர் 6 மணிக்குக் கொட்டாஞ்சேனையில் எவ்வாறு நிற்க முடியும்? பஸ்ஸிலே பம்பலப்பிட்டியையும் கொள்ளுப்பிட்டியையும் கடந்து புறக்கோட்டை நெரிசலைத் தாண்டிப் போவதானால், அந்த வேளையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயிலேறிக் கோட்டையில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்தாலுங்கூட அரை மணி நேரத்தில் சென்றடைவதென்பது ஆகாத காரியம். ஆகவே, ஒருவர் பொய் சொல்லாமலே, இரண்டு நேர அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே, அவர் இங்கே முன்கூட்டி எழுந்து போகிறார் அல்லது அங்கே பிந்திப் போகிறார் என்பது வெளிப்படுகிறது. கைரேகை இயந்திரத்தின் மூன்று மாதப் பதிவை எடுத்து, திங்கள், புதன், வெள்ளியை ஒரு நிரலிலும் செவ்வாய், வியாழனை மறு நிரலிலும் எழுதிப் பார்த்தால் எவ்வளவு நேரம் இழக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். முன்கூட்டிப் போகிற வழக்கம் எல்லா நாட்களிலும் ஒரே மாதிரியிருந்தால் அது சோம்பல். குறித்த மூன்று நாட்களில் மட்டுமிருந்தால் அது வேறு கடமை.

ஆனால், கணக்குத் தொழிலை அறிந்தவர்கள் அன்றாட நேரத்தைக் காட்டிலும் மாதத்தின் நாட்காட்டியையே கவனிப்பார்கள். ஊழியரின் சம்பளத்திலிருந்து கழித்த முற்பண வருமான வரியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டவேண்டும். பெறுமதி சேர் வரி 20ஆம் திகதிக்குள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் மாத முடிவுக்கு முன். இவை வெள்ளவத்தைக் காரியாலயத்துக்குப் போலவே கொட்டாஞ்சேனைக் கடைக்கும் உரியவை. ஆகவே இரண்டு எசமானரும் ஒரே மூன்று நாட்களில் அவரை நாடுகிறார்கள். மற்ற நாட்களில் தெரியாத மோதல் அந்த மூன்று நாட்களில் வெடிக்கிறது. பிழைகள் எந்தத் திகதியில் நேர்ந்தன என்று பார்த்தால், பெரும்பாலும் 14க்கும் 20க்கும் இடையிலும் மாதத்தின் கடைசி வாரத்திலுமாக அவை குவிந்திருக்கக் காணலாம். இரண்டாவது வேலை என்பதே குற்றமென்று நினைப்பவர் இதைக் கவனிக்கமாட்டார். அவருக்குப் பரிகாரமும் தோன்றாது.

அடுத்தது நியமனக் கடிதம். கொழும்பிலுள்ள நிறுவனங்கள் பலவற்றின் கடிதங்களில், ‘நிர்வாகத்தின் எழுத்துமூலமான அனுமதியின்றி வேறெந்த உத்தியோகமும் ஏற்கலாகாது’ என்றொரு வாக்கியம் உண்டு. எங்கிருந்தோ பிரதி செய்து சேர்க்கப்பட்ட அந்த வாக்கியத்தை ஊழியரும் வாசித்ததில்லை, சில வேளை முதலாளியும் வாசித்ததில்லை. அது இருக்குமானால், சொல்லாமல் வேலை ஏற்றது ஒப்பந்த மீறலே. எனினும் அம்மீறலின் கனம் எவ்வளவென்பது வேறு கேள்வி. அது இல்லாவிட்டால், ஊழியர் தம் எசமானரிடம் விசுவாசமாய் நடக்கவேண்டுமென்ற பொதுக் கடமை மாத்திரமே மிஞ்சுகிறது. அக்கடமையின் எல்லையைப் பற்றி 1946இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை இன்றும் தொழிற்சட்டம் படிப்பவர்கள் எடுத்துப் பேசுகிறார்கள். செவிப்புலன் குறைந்தோர் அணியும் கருவிகளுக்கான நுண்ணிய வால்வுகளைச் செய்த ஹைவாக் என்னும் கம்பனியின் தொழிலாளர் சிலர், தம் ஓய்வு நாளாகிய ஞாயிற்றுக்கிழமைகளில் அதே பொருளைச் செய்த பார்க் ரோயல் என்னும் போட்டிக் கம்பனிக்கு வேலை செய்தார்கள். அவர்கள் இரகசியமெதையும் வெளியிட்டதாக நிரூபணமில்லை. ஆயினும், தம் எசமானருக்குப் பெருந்தீங்கு விளையக்கூடிய விதத்தில் நேரடிப் போட்டியாளருக்கு உழைப்பது விசுவாசத்துக்கு முரணென்று கண்டு, அப்போட்டிக் கம்பனி அவர்களை வேலைக்கு வைத்திருப்பதற்கு நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. தீர்ப்பு வழங்கிய கிறீன் பிரபு, ஒரு தொழிலாளி தன் ஓய்வு நேரத்தைத் தன் விருப்பப்படி செலவிடுவதைச் சட்டம் எளிதில் கட்டுப்படுத்தலாகாது என்ற எச்சரிக்கையையும் கூடவே வைத்தார். இரண்டு பாகத்தையும் சேர்த்தே படிக்கவேண்டும். ஆனால் முதலாளிமார் முதற்பாகத்தையே நினைவில் வைக்கிறார்கள்.

அதே அரைகுறை ஞாபகமே இந்தியாவின் விப்ரோ கம்பனியின் விஷயத்திலும் நிகழ்ந்தது. 2022 செப்டெம்பரில் அதன் தலைவர் ரிஷாத் பிரேம்ஜி 300 பேரை நீக்கியதாக அறிவித்தபோது, இரண்டாவது வேலை செய்தாலே நீக்கலாமென்று இங்கும் பலர் பேசிக்கொண்டார்கள். அவர் சொன்னதோ, தம் கம்பனியின் போட்டியாளரிடம் நேரடியாக வேலை செய்தவர்களைப் பற்றி. அதே ஆண்டு ஓகஸ்டில் ஸ்விக்கி நிறுவனம், அலுவல் நேரத்துக்குப் புறம்பான வேறு வேலைகளை நிபந்தனைகளோடு அனுமதிக்கும் கொள்கையை வெளியிட்டிருந்தது. நம் கணக்கெழுதுபவருடைய கொட்டாஞ்சேனைக் கடை மொத்தச் சாமான் விற்பது; வெள்ளவத்தைக் காரியாலயம் அதற்குப் போட்டியன்று. எனவே விசுவாசம் பற்றிய குற்றச்சாட்டு இங்கே நிற்காது. நேரம் பற்றியதும் வைத்தியச் சான்றிதழ் பற்றியதுமே நிற்பவை.

இவ்வளவும் தெரிந்த பின்னர் அவரை அழைத்துக் கேட்கலாம். அழைத்துக் கேட்பதற்கு முன் லொறிக்காரரையோ சக ஊழியரையோ ஒற்றர்களாக்குவதும், அவருடைய கைத்தொலைபேசியை நோக்குவதும் தகாது. கதவைச் சாத்தி, மற்றவர் காதில் விழாமல், நேராகக் கேட்கவேண்டும். “தம்பி, பின்னேரத்தில வேற எங்கையும் வேலை செய்யிறீரா?” என்று கேட்டால், பெரும்பாலும் உண்மையே வரும். “ஓம் சேர். கொட்டாஞ்சேனையில ஒரு கடையில கணக்கு எழுதுறன். சொன்னா நிப்பாட்டிப் போடுவியள் எண்ட பயத்திலதான் சொல்லேல்லை” என்று அவர் சொல்லுமிடத்து, முதலாளியின் கையிலிருந்த மர்மம் நீங்கி, தீர்க்கக்கூடிய ஒரு நிர்வாகப் பிரச்சினை மிஞ்சுகிறது. அவ்வேளை கேட்கவேண்டிய மறு கேள்வி அவருடைய வீட்டு நிலையைப் பற்றியதன்று. எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, மாத முடிவில் அங்கே என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதைப் பற்றியது. சொன்னதை அன்றைக்கே ஒரு குறிப்பாக எழுதி இருவரும் ஒப்பமிடுதல் பின்னால் உதவும்.

ஊழியருக்கும் அங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவைத்தல் உபகாரமாகும். 2025 ஏப்ரல் முதல் மாதம் 1,50,000 ரூபா வரையான வருமானத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் முதற் படியில் 6 சதவீதம். அவருடைய இரு சம்பளங்களும் சேர்ந்தால் 1,60,000. ஆகவே மாதத்துக்கு 600 ரூபா வரி அவர் தலையில் விழுகிறது. ஒரு வேலையைத்தான் பிரதான உத்தியோகமாகப் பிரகடனம் செய்யலாம். இரண்டு இடத்திலும் பிரதானமென்று சொன்னால், தனித்தனியே பார்த்து இருவரும் வரி கழிக்கமாட்டார்கள். பாக்கி பிறகு அவரிடமே கேட்கப்படும். சிறு தொகைதான்; ஆனால் இரகசியமாக வைத்திருக்கும் வேலை எப்படி வெளிவருமென்பதற்கு இது ஓர் உதாரணம்.

இனிப் பரிகாரம். ஆறு வருடம் பழகிய கணக்காளரை இழந்து, புதியவரைப் பழக்குவதைக் காட்டிலும், அவருடைய வேலை நேரத்தைக் காலை 7.30 முதல் மாலை 4.30 வரை மாற்றிக் கொடுப்பது மலிவு. அவ்வாறு செய்தால் அவர் ஆறு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் நிற்கவும் முடியும், 45 மணி நேரமும் குறையாது. ஆனால் அனுமதி எழுத்தில் இருக்கவேண்டும். இந்த நாட்கள், இந்த மணிகள், இன்ன கடை என்று பெயர் குறித்து, மாதத்தின் 14, 15, 19, 20ஆம் திகதிகளிலும் கடைசி இரண்டு வேலை நாட்களிலும் இங்குள்ள கடமை முடியும்வரை இருக்கவேண்டுமென்றும், காரியாலயத்தின் கணினியிலோ நேரத்திலோ அந்தக் கடையின் வேலையைச் செய்யலாகாதென்றும், ஆறு மாதத்தின் பின் இவ்வனுமதி மீள்பரிசீலனை செய்யப்படுமென்றும் நிபந்தனைகள் வேண்டும். அந்தத் திகதிகளில் கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் அவரை விடமாட்டாரென்றால், தெரிவு ஊழியருடையது. நியாயமான அவகாசம், மாதமொன்று என்றாலும் கொடுத்து, எதைத் தொடர்வாரென்று எழுதித் தரச் சொல்லலாம். இங்கே பகுதிநேரமாக மாறித் தகுந்த சம்பளக் குறைப்புக்கு அவர் சம்மதிப்பதும் ஒரு வழிதான். அவருடைய சம்மதமின்றிச் சம்பளத்தை வெட்டுவது மட்டும் வழியன்று.

வைத்தியச் சான்றிதழ் வேறு விஷயம். அதைப் பரிவோடு சேர்த்து மறைத்துவிடுதல் மற்ற ஊழியர்களுக்கு அநீதியாகும். வருடத்துக்கு 7 நாள் சமயோசித விடுமுறை சொந்த அலுவலுக்கும் சட்டப்படி உரியது. அதை எடுத்துக்கொண்டு அவர் கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தால் முறையிட அதிகமில்லை. நோயென்று பொய் கூறிச் சான்றிதழ் கொடுத்ததோ வஞ்சனை. அதற்கு, திகதியும் செயலும் குறித்து விளக்கம் கோரும் கடிதம் கொடுத்து, மறுமொழிக்கு ஒரு வாரமளவு அவகாசம் விட்டு, மறுமொழி திருப்தி தராவிட்டால், சம்பவத்தில் சம்பந்தப்படாத ஒருவர் தலைமையில் விசாரணை நடத்தவேண்டும். லொறிக்காரர் விசாரணைக்கு வந்து தாம் கண்டதைச் சொல்ல மறுத்தால், அவர் சொன்னது வதந்தியாகவே நிற்கும். அதன் மேல் எந்தத் தீர்மானத்தையும் கட்டலாகாது. குற்றம் நிரூபணமானாலும், ஆறு வருடம் கறையற்ற சேவையுள்ளவருக்கு முதற் தவறுக்கு எழுத்து மூலமான கடும் எச்சரிக்கையும், அந்நாளுக்குச் சம்பளமின்மையும் போதுமென்பது என் துணிபு. அனுமதியின் நிபந்தனைகளை அதன்பின்னும் மீறுவாராயின் பணிநீக்கம் நியாயமாகும்.

நீக்குவதென்றால் அதன் விதிகளையும் முதலாளி அறிந்திருத்தல் வேண்டும். பதினைந்து பேருக்குக் குறையாமல் ஊழியரை வைத்திருக்கும் நிறுவனம், 180 நாள் சேவை முடித்தவரை, ஒழுக்கக் குற்றமல்லாத காரணத்துக்காக, அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இன்றி நீக்க முடியாதென்பது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஒழுக்கக் குற்றத்துக்காக நீக்கினால், காரணத்தை எழுத்திலே, நீக்கிய பின் இரண்டாவது வேலை நாளுக்குப் பிந்தாமல் தெரிவிக்கவேண்டும். நீக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். அங்கே நீக்கத்தின் நியாயத்தை நிலைநாட்டும் பாரம் முதலாளியினுடையது. நீதியும் நேர்மையுமானது எதுவோ அதையே கட்டளையிடும் அதிகாரம் சபைக்குண்டு, பழைய வேலையையே திருப்பிக் கொடுக்கச் சொல்வது உட்பட. ‘இரண்டாவது வேலை செய்தார்’ என்ற ஒரே வாக்கியத்தைக் கொண்டு, நேரம் இழந்ததற்கு ஒரு பதிவும் இல்லாமல், எச்சரித்ததற்கு ஒரு கடிதமும் இல்லாமல், அங்கே போய் நிற்கிறவருடைய கதி என்னவாகுமென்பதை ஊகிப்பது கஷ்டமன்று. கோபத்தில் சிலர் ‘சேமலாப நிதியை மறிப்பேன், பணிக்கொடையைத் தரமாட்டேன்’ என்று மிரட்டுவதுமுண்டு. சேமலாப நிதி ஊழியருடைய சொத்து. பணிக்கொடையோ, ஐந்து வருடச் சேவை முடித்தவருக்கு, வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் 1983ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. மோசடியாலோ பணக் கையாடலாலோ சொத்துக்கு வேண்டுமென்று விளைத்த சேதத்தாலோ நீக்கப்பட்டவருக்கும், நட்டத்தின் அளவுக்கே அது குறையும். மாலையில் கணக்கெழுதியது அவற்றுள் ஒன்றாகாது.

கொழும்பு வர்த்தகர்களிடம் ஒரு வேண்டுகோள். நியமனக் கடிதத்தின் அந்தப் பழைய ஒற்றை வாக்கியத்தை எடுத்துவிட்டு, போட்டியாளரிடமோ அலுவல் நேரத்திலோ வேலை செய்வது தடையென்றும், மற்ற வேலைகளை ஆரம்பிக்கு முன் நாட்களையும் மணிகளையும் குறித்து அறிவிக்கவேண்டுமென்றும், அறிவித்தவருக்கு நியாயமான காரணமின்றி அனுமதி மறுக்கப்படாதென்றும் எழுதுங்கள். கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் முதலிரண்டையும் எவரும் கைக்கொள்ளமாட்டார்கள்.